களியக்காவிளை தாண்டிச் சரக்கு அனுப்புபவர்கள்: இ-வே பில், இ-இன்வாய்ஸ் அனுபவங்களைச் சொல்லுங்கள்

குலசேகரம் ரப்பர் மேட்

சிறிய யூனிட் வைத்து ரப்பர் மேட் செய்கிறேன். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள்தான். இதுவரை நாகர்கோவில், தக்கலை கடைகளோடு சரி. இப்போது நெய்யாற்றின்கரையில் இருந்து ஒரு கடைக்காரர் கேட்கிறார். அவரும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர். சரக்கு 44,000 ரூபாய், வரி 18 சதவீதம் தனி. அவருடைய பிக்கப் வண்டியே இங்கே வந்து ஏற்றிக்கொள்ளும்.

ஒரு லட்சத்துக்குக் கீழே இ-வே பில் வேண்டாம் என்று வண்டிக்காரர் சொல்கிறார். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லையே, எதற்குப் பில் என்று கடைக்காரர் கேட்கிறார். இ-இன்வாய்ஸும் போட வேண்டுமா? இந்த வழியில் அனுப்பியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம் லாரி ஷெட்

ஐம்பது கிலோமீட்டர் சலுகை உண்மைதான் அண்ணே. எங்கள் ஷெட்டுக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்கள் வண்டி எண் போடாமல்தான் வருகிறார்கள். இத்தனை வருடத்தில் யாரும் பிடித்ததில்லை. நீங்களும் தைரியமாக அனுப்பலாம்.

நாகர்கோவில் கணக்கு அக்கா

தம்பி, ஷெட்காரர் சொல்வது அவர் ஷெட்டுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் இடத்தில் இருந்து டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் இடம் வரை, ஒரே மாநிலத்துக்குள், 50 கிலோமீட்டருக்குள் போகும்போது பார்ட் பி, அதாவது வண்டி விவரம், மட்டும் வேண்டாம். அப்போதும் பில்லின் முதல் பகுதி போட்டே ஆக வேண்டும். அங்கிருந்து வேறு வண்டியில் ஏற்றும்போது டிரான்ஸ்போர்ட்காரர் வண்டி எண்ணைச் சேர்ப்பார். நேராக கேரளக் கடைக்குப் போகும் சரக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. பாறசாலை பக்கத்தில்தானே என்றாலும் அது வேறு மாநிலம்.

ஒரு லட்சம் என்பது தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கான வரம்பு. எல்லை தாண்டினால் 50,000. நம் மாவட்டத்தில் இந்த இரண்டும்தான் அதிகம் குழம்புகிறது. நாகர்கோவிலுக்கு 80,000 ரூபாய்ச் சரக்கை இ-வே பில் இல்லாமல் அனுப்பிப் பழகியவர், அதே பழக்கத்தில் களியக்காவிளை வழியாகவும் அனுப்பிவிடுகிறார்.

இன்னொன்று, அந்த 50,000 வரியும் சேர்த்த தொகை. உங்கள் 44,000 ரூபாய்க்கு ஐஜிஎஸ்டி 7,920 சேர்த்தால் 51,920 ஆகிறது. இ-வே பில் கட்டாயம். 18 சதவீதச் சரக்கு என்றால் அடிப்படை விலை 42,373 வந்தாலே வரம்பைத் தாண்டிவிடும். இதை ஒரு தாளில் எழுதி பில் போடும் மேஜையில் ஒட்டி வையுங்கள்.

வாங்குபவர் தன் வண்டியில் இங்கே வந்து ஏற்றுவதால் விற்பனை குலசேகரத்திலேயே முடிந்துவிட்டது என்று நினைத்து, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி யாருடையது என்பது முக்கியமல்ல. பதிவு உள்ள வியாபாரிக்கு விற்கும்போது சரக்கின் பயணம் எங்கே முடிகிறதோ அந்த மாநிலம்தான் கணக்கு. உங்கள் பில்லில் ஐஜிஎஸ்டிதான் வர வேண்டும். மாற்றிப் போட்டால் கேரளக்காரருக்கு அந்த வரியை வரவு எடுக்க முடியாது. நீங்களும் ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிவரும்.

வெட்டூர்ணிமடம் பெரியவர்

என் மகள் திருவனந்தபுரத்துக்குக் குடி மாறுகிறாள். கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் மினி லாரியில் போகிறது. எல்லாம் சேர்த்தால் 50,000-க்கு மேல் வரும். நானும் இதைப் போட வேண்டுமா?

நாகர்கோவில் கணக்கு அக்கா

வேண்டாம் ஐயா. உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு. புதிதாக வாங்கியது ஏதாவது இருந்தால் அதன் கடை பில்லை மட்டும் டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

முந்திரி ஃபேக்டரி, கருங்கல்

இ-இன்வாய்ஸ் பற்றி என் கதையைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரே ஒரு வருடம் விற்பனை 5 கோடியைத் தாண்டியது. அடுத்த வருடம் குறைந்துவிட்டதால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எர்ணாகுளம் பார்ட்டி பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார், இ-இன்வாய்ஸ் போட்டால் கிடைக்கும் ஐஆர்என் எண் இல்லாத பில்லை ஏற்கமாட்டேன் என்று. பிறகுதான் விஷயம் புரிந்தது. 2017-18 முதல் எந்த ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தாலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாக் கிளைகளின் விற்பனையும் சேரும். ரப்பர் அண்ணனுக்கு ஒன்றரைக் கோடிதானே, அவருக்கு இ-இன்வாய்ஸ் வேண்டியதில்லை.

ஆனால் இ-இன்வாய்ஸ் போட்டால் இ-வே பில் தானாக வந்துவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

நாகர்கோவில் கணக்கு அக்கா

கடைசி வரி மட்டும் பாதி சரி. போக்குவரத்து விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இ-வே பில் கூடவே வரும். டிரான்ஸ்போர்ட்டர் ஐடி மட்டும் கொடுத்தால் வண்டி எண் இல்லாமல் முதல் பகுதியோடு நின்றுவிடும். இ-வே பில் உயிரோடு இருக்கும்போது ஐஆர்என்னை ரத்து செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் இ-வே பில், அப்புறம் ஐஆர்என். இரண்டுக்கும் தனித்தனியாக 24 மணி நேரம்தான்.

மார்த்தாண்டம் லாரி ஷெட்

அக்கா சொன்ன பிறகு போன வருடம் நடந்தது ஞாபகம் வருகிறது. ஒரு பார்ட்டி பில் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். வண்டி குழித்துறையில் பழுதாகிவிட்டது. டிரைவர் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போனார், பார்ட்டிக்குச் சொல்லவில்லை. எல்லை தாண்டியதும் ரோந்து வண்டி நிறுத்தியது. பில்லில் ஒரு எண், ரோட்டில் வேறு எண். சரக்கு இரண்டு நாள் கிடந்தது.

நாகர்கோவில் கணக்கு அக்கா

இப்போதெல்லாம் பழைய செக்போஸ்ட் இல்லாததால் எங்கே நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்து தவறாக அடித்திருந்தால் 2018 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 1,000 ரூபாயோடு முடிய வேண்டும். முழுதாக வேறு வண்டி என்றால் அந்தச் சலுகை வராது. வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்பார்கள். ரப்பர் தம்பியின் பில்லுக்குக் கணக்குப் போட்டால் 15,840 ரூபாய். அந்த லோடில் அவ்வளவு லாபம் இருக்குமா என்று பாருங்கள்.

இதைத் தடுக்கச் செலவே இல்லை. பில் செல்லுபடியாகும் வரை ewaybillgst.gov.in தளத்தில் பார்ட் பி-யை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 200 கிலோமீட்டருக்குள் என்றால் வண்டி எண் போட்டதற்கு மறுநாள் நள்ளிரவு வரை செல்லும். வண்டி மாறினால், சரக்கை ஏற்றும் முன் எனக்கு போன் செய் என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

குலசேகரம் ரப்பர் மேட்

நன்றி அக்கா. 22,000 வீதம் இரண்டு பில்லாகப் பிரித்தால் வரம்புக்குள் வந்துவிடுமே என்று கடைக்காரர் கேட்கிறார்.

முந்திரி ஃபேக்டரி, கருங்கல்

நாங்கள் அப்படிச் செய்திருக்கிறோம், யாரும் கேட்கவில்லை. வரம்பு ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிதானே.

நாகர்கோவில் கணக்கு அக்கா

எழுத்துப்படி நீங்கள் சொல்வதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒரே நாள், ஒரே வண்டி, ஒரே கடை, அடுத்தடுத்த பில் எண் என்றால் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். வாதாடி ஜெயிக்கலாம், அதுவரை சரக்கு ரோட்டில் நிற்கும். நான் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

முந்திரி ஃபேக்டரி, கருங்கல்

உண்மையிலேயே இரண்டு ஆர்டர் வந்தால் இரண்டு பில்தானே அக்கா போட முடியும்? அதையும் தப்பு என்றால் எப்படி?

குலசேகரம் ரப்பர் மேட்

நான் ஒரே பில்லாகப் போட்டு இ-வே பில்லோடு அனுப்புகிறேன். இன்னொரு சந்தேகம். கொஞ்சம் மேட்டைப் பிரிண்டிங்குக்குத் திருவனந்தபுரம் அனுப்ப வேண்டும். மதிப்பு 12,000 தான். விற்பனையும் இல்லை.

நாகர்கோவில் கணக்கு அக்கா

அதற்கும் வேண்டும். வேறு மாநிலத்தில் இருக்கும் ஜாப் ஒர்க்காரருக்கு அனுப்பினால் 50,000 வரம்பே கிடையாது, எவ்வளவு சிறிய மதிப்பானாலும் இ-வே பில் உண்டு. இன்வாய்ஸுக்குப் பதில் டெலிவரி சலான் போட்டு, காரணம் கேட்கும் இடத்தில் ஜாப் ஒர்க் என்று தேர்ந்தெடுங்கள்.