கரோக்கி டிராக்கில் குரல் ஒட்டவே மாட்டேன் என்கிறது – உங்கள் அனுபவம் என்ன?

சுதிப்பெட்டி:
அக்கா பாடிய ஒரு மெலடியை மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். டிராக் வெளியிலிருந்து எடுத்த ரெடிமேட் கரோக்கி, டெம்போ 90. குரலைப் படுக்கையறையில் யு.எஸ்.பி. மைக்கில் மோனோவாகப் பதிவு செய்தோம். சுருதியில் குறையில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் வாத்தியங்கள் எல்லாம் பெரிய மண்டபத்தில் இருக்கின்றன, அக்கா மட்டும் நம் காதருகே வந்து பாடுகிறாள். ரிவெர்ப் ஏற்றினால் குரல் பின்னால் போய்ச் சொற்கள் கரைகின்றன. சரி, குரலின் வால்யூமை ஏற்றலாம் என்றால் மீட்டர் சிவப்பாகிறது. ஆடாசிட்டிதான் பயன்படுத்துகிறேன். இதே பாடு பட்டவர்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.

ராகமாலிகா:
எனக்கும் இதேதான்! ஸ்டீரியோ பாட்டில் நடுவில் இருக்கும் குரலை நீக்கித்தான் கரோக்கி செய்துகொள்வேன். குரல் போய்விடும், ஆனால் பின்னால் ஆவி மாதிரி ஒரு எச்சம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை எப்படி எடுப்பது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பேஸ்கிட்டார்:
தம்பி, ரொம்ப யோசிக்க வேண்டாம். டிராக்கை 6 டெசிபெல் இறக்கு. குரலை நார்மலைஸ் செய்து 0-க்குக் கொண்டுவா. ரிவெர்ப் 20 சதவீதம். எந்தப் பாட்டுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

ஒலிக்கூடம்:
டிராக்கை இறக்கச் சொன்னது சரியான இடம். ரெடிமேட் டிராக் ஏற்கெனவே மாஸ்டர் செய்து உச்சிவரை அழுத்தப்பட்டது. குரல் உட்கார அதில் இடமே இல்லை. குரலை ஏற்றுவதற்குப் பதில் டிராக்கின் இடது பக்க ஸ்லைடரை 6, தேவையானால் 8 டெசிபெல் வரை இறக்குங்கள். மொத்தச் சத்தம் குறைகிறதே என்று கவலை வேண்டாம், அதைக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் நார்மலைஸ் இதற்கு உதவாது. அது குரலின் ஒரே ஒரு உச்சத்தைப் பார்த்துத்தான் மொத்தத்தையும் ஏற்றும். அக்கா எங்கோ ஒரு இடத்தில் ‘ப’வை மைக்கில் ஓங்கி உச்சரித்திருந்தால் அதுவே அளவாகிவிடும், மெதுவாகப் பாடிய வரிகள் அப்படியே அமுங்கிக் கிடக்கும்.

இனி ரிவெர்ப். குரல் டிராக்கிலேயே போடாதீர்கள். Ctrl+D அழுத்தி அதை இருமுறை நகலெடுங்கள். அந்த இரண்டு நகல்களையும் Make Stereo Track கொடுத்து ஒன்றாக்குங்கள். மோனோவில் போட்டால் ரிவெர்பும் மோனோதான். குரலுக்கு நேர் பின்னாலேயே நின்று அதை மறைக்கும். இந்த ஸ்டீரியோ நகலில் மட்டும் Reverb எஃபெக்டைத் திறந்து Wet Only-ஐ டிக் செய்யுங்கள். இப்போது அசல் குரல் ஒரு டிராக், அதன் எதிரொலி மட்டும் இன்னொரு டிராக். எதிரொலியின் ஸ்லைடரை அடியிலிருந்து மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். சொற்கள் கரைந்தால் இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் சிக்கலுக்கு முக்கியமானது Pre-delay. அது தொடக்கத்தில் 10-இல் இருக்கும், 40 ஆக்குங்கள். சொல் முதலில் சுத்தமாகக் காதில் விழும், 40 மில்லி செகண்ட் கழித்து மண்டபம் பேசும். அதனால் குரல் முன்னாலேயே நிற்கும், வெறுமையாகவும் இராது. டெம்போ 90 என்றால் ஒரு தட்டு சுமார் 667 மில்லி செகண்ட், அதில் பதினாறில் ஒரு பங்கு ஏறக்குறைய 42. அதனால் 40 இந்தப் பாட்டுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனாலும் காதுதான் முடிவு.

அப்புறம் எதிரொலி டிராக்கில் மட்டும் High-Pass Filter-ஐ 300-இலும் Low-Pass Filter-ஐ 6000-இலும் போடுங்கள், இரண்டுக்கும் Roll-off 12. கீழே வெட்டாவிட்டால் பேஸோடு சேர்ந்து கலங்கும். மேலே வெட்டாவிட்டால் ஒவ்வொரு ‘ஸ’வும் சீறிக்கொண்டே போகும்.

ராகமாலிகா, நீங்கள் கேட்டது வேறு விஷயம், ஆனால் இதோடு தொடர்பு உண்டு. நீங்கள் சொல்லும் ஆவி பெரும்பாலும் மூலப் பாடகரின் ரிவெர்ப். குரல் நடுவில் இருப்பதால் போய்விடுகிறது; அதன் ரிவெர்ப் இரு பக்கமும் பரவியிருப்பதால் தங்கிவிடுகிறது. அந்த முறையில் அதை முழுதாக எடுக்க முடியாது. அப்படிப்பட்ட டிராக்கில் உங்கள் குரலுக்கு ரிவெர்பை வழக்கத்தைவிடக் குறைத்தே போடுங்கள்.

தாளக்கட்டு:
என் அனுபவத்தில் “ஒட்டவில்லை” என்பதற்குப் பல நேரம் ரிவெர்ப் காரணமே இல்லை. குரல் தாமதமாக விழுந்திருக்கும். கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டுக்கொண்டே பாடினால் பதிவு சில பத்து மில்லி செகண்ட் தள்ளிப் போகலாம். ஆடாசிட்டி Latency compensation என்ற அமைப்பில் இதைத் தானாகவே ஈடுகட்டப் பார்க்கும், ஆனால் எல்லாக் கருவிக்கும் அதன் கணக்கு பொருந்துவதில்லை. தட்டில் ‘த’, ‘க’ போன்ற எழுத்து விழும் இடமாகப் பார்த்து ஜூம் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் டிரம் அடிக்குப் பின்னால் ஒரே அளவு இடைவெளி தெரிந்தால் குரலை அந்த அளவு முன்னால் நகர்த்துங்கள். இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் அது பாடுபவரின் நடை, அதைத் தொடாதீர்கள். என் நண்பனின் பாட்டு ஒன்றில் இதை மட்டும்தான் செய்தேன், ரிவெர்பைத் தொடவே இல்லை. “என்ன மைக் மாற்றினாய்?” என்று கேட்டான்.

சுதிப்பெட்டி:
இரண்டையும் செய்து பார்த்தேன். தாமதம் இருந்தது, சுமார் 30 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்தினேன். டிராக்கை 7 டெசிபெல் இறக்கி, எதிரொலியைத் தனி டிராக்காக்கிப் போட்டதும் பல்லவி அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் சரணத்தில் அக்கா மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் இசையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அடுத்த வரி தணிந்ததும் காணாமல் போகிறது.

பேஸ்கிட்டார்:
அதற்குத்தான் கம்ப்ரெஸர் இருக்கிறதே! 4:1 போட்டு அடித்துவிடு.

கமகப்பிரியை:
வேண்டாங்க. நான் கர்நாடக இசை பாடுகிறவள். என் குரலுக்கு ஒருவர் அப்படிப் போட்டார். கமகத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகி, மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. நான் Envelope Tool எடுத்து வரிவரியாகக் கையால் ஏற்றி இறக்குகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் பாவம் கெடாது. வேகமான பிருகா வரும் இடத்தில் எதிரொலி டிராக்கையும் அதே கருவியால் இறக்கிவிடுவேன்; இல்லாவிட்டால் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

ஒலிக்கூடம்:
கையால் செய்வதுதான் நல்லது, ஆனால் கம்ப்ரெஸரை முற்றிலும் ஒதுக்க நான் தயாரில்லை. முதலில் துருத்தி நிற்கும் வரிகளைக் கையால் இறக்குங்கள். பிறகு 2:1 அல்லது 2.5:1 போட்டு, மிக உரத்த இடத்தில் 3, 4 டெசிபெல் மட்டும் இறங்கும்படி வையுங்கள். மெலடிக்கு அது போதும். கச்சேரிப் பாணிக் குரலுக்கு அதுகூட வேண்டாம் என்று கமகப்பிரியை சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அளவு சரியா என்று பார்க்க வால்யூமை அநேகமாகக் கேட்காத அளவுக்கு இறக்குங்கள். அப்போதும் சொற்கள் புரிந்து, தாளமும் லேசாகக் கேட்டால் சரி. குரல் மட்டுமே கேட்டால் கூடிவிட்டது. பிறகு போன் ஸ்பீக்கரில் ஒருமுறை. ஹெட்போனில் மட்டும் கேட்டு ரிவெர்பை முடிவு செய்யாதீர்கள். அதில் எதிரொலி துல்லியமாகக் கேட்பதால் பலரும் குறைத்துப் போடுவார்கள்.

தாளக்கட்டு:
எனக்கு நேர் எதிர் சார். ஹெட்போனில் போட்டது ஸ்பீக்கரில் எப்போதும் கூடுதலாகத்தான் தெரிகிறது.

ஒலிக்கூடம்:
உங்கள் அறையிலேயே எதிரொலி இருக்கலாம். இல்லை, ஹெட்போனை மிகக் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேட்கிறீர்களோ? அறையைக் கேட்காமல் சொல்ல முடியாது.

சுதிப்பெட்டி:
வரிவரியாக இறக்கி, 2:1 போட்டேன். சரணம் அடங்கிவிட்டது. இன்னொன்று: பல்லவியின் கடைசி வரி முடிந்ததும் புல்லாங்குழல் தொடங்குகிறது, அக்காவின் எதிரொலி அதன்மேல் படிகிறது. Reverberance-ஐ 50-இலிருந்து 35 ஆக்கினால் மற்ற வரிகள் வறண்டுவிடுகின்றன.

கமகப்பிரியை:
மொத்தமாகக் குறைக்காதீர்கள். அந்த ஒரு இடத்தில் எதிரொலி டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, புல்லாங்குழலின் முதல் ஸ்வரத்துக்குள் முடிகிற மாதிரி Fade Out கொடுங்கள்.

ராகமாலிகா:
என் டிராக்கில் அந்த ஆவியே புல்லாங்குழல்மேல்தான் வருகிறது. அங்கே எதை ஃபேட் செய்வது?