புதுவயல் அரிசி ஆலை: இடத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்த கணக்கு

புதுவயல் ஆலைக்காரர்:
நெல் வியாபாரிகளுக்குப் பாக்கி 60 லட்சம், கலர் சார்ட்டர் மிஷினுக்கு 25. ஆலை இடத்தை ஈடாக வைத்தால் வங்கி 65 லட்சம்தான் தருவேன் என்றது. 10.5% வட்டி, 10 வருஷம், மாதத் தவணை 87,700. மீதி 20 லட்சத்துக்கு எங்கே போவது? அதனால் இடத்தையும் ஷெட்டையும் 1 கோடிக்கு ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டு, மாதம் 70,000 வாடகைக்கு அதிலேயே ஆலையை ஓட்டுகிறேன். மிஷின்கள் என்னுடையவை. வாடகை வருஷத்துக்கு 5% ஏறும்.

காரைக்குடி ஜவுளிக்கடை:
நல்ல முடிவுண்ணே. ஒரு கோடிக்கு வருஷ வாடகை 8.4 லட்சம், அதாவது 8.4%தான். லோனைவிட மலிவு. வாடகைக்குக் கட்டுற 18% ஜி.எஸ்.டி.யும் இன்புட்டாத் திரும்ப வந்துரும்.

ஆலைக்காரர்:
உங்களுக்கு வரும் தம்பி. நான் விற்பது 26 கிலோ மூட்டை, வரியில்லாத சரக்கு. அதனால் இன்புட் கிடையாது. கையை விட்டுப் போவது 82,600.

தேவகோட்டை ஆச்சி:
எங்க வீட்டையும் இப்படி ஒத்திக்கு விடலாமா? பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு பங்காளிக் குடும்பத்துக்குச் சொந்தம்.

ஆலைக்காரர்:
ஆச்சி, ஒத்தியில் வீடு உங்களுடையதாகவே இருக்கும். இது முழுக் கிரயம். பதினோரு புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர், பள்ளத்தூர்:
8.4% என்பது பாதிக் கணக்கு. பழைய சொத்து, லாபம் பெரிசு. வரி போக இவர் கைக்கு வந்தது 87 லட்சம் சொச்சம். வருஷத்துக்கு 9.9 லட்சம் கட்டுகிறார், அதுவே 11.3%. இடத்தின் விலையும் வருஷம் 5% ஏறினால், அந்த ஏற்றமும் இனி வாங்கியவருக்கு. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 16%. லோன் முடியும் நாளில் பத்திரம் திரும்ப வரும், இதில் வராது. விலை ஏறாவிட்டால் இந்த இடைவெளி குறையும்.

ஆனால் 65-ஐ வைத்து 85-ஐ அடைக்க முடியாது என்பதும் உண்மை. வெளியே மீட்டர் வட்டிக்கு வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். கேட்க வேண்டியது ஒன்று: குத்தகைப் பத்திரம் பதிவானதா?

ஆலைக்காரர்:
9 வருஷத்துக்குப் பதிந்திருக்கிறது. அவர் வேறு யாருக்கு விற்றாலும் குத்தகை தொடரும்.

ஆடிட்டர்:
நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு கிட்டங்கிக்காரர் பதியாத 11 மாத ஒப்பந்தத்தோடு விற்றார். காலம் முடிந்ததும் வாடகையை ஒன்றரை மடங்கு கேட்டார்கள். ‘திருப்பி எழுதித் தருகிறேன்’ என்ற வாய்ப்பேச்சும் நிற்கவில்லை. உங்கள் பத்திரத்தில் 9 வருஷம் கழித்துப் புதுப்பிக்கும் உரிமை யாருக்கு?

ஆலைக்காரர்:
‘இரு தரப்பும் ஒப்பினால்’ என்றுதான் இருக்கிறது. அதை மாற்ற அவர் சம்மதிப்பாரா, தெரியவில்லை.