நிறைவுறாக் கோப்பா, எச்சக் கோப்பா, அடங்கலிலிக் கோப்பா?

மலர்விழி:

குழுவினருக்கு வணக்கம். சேதமான காணொலிகளைச் சரிசெய்யும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் உதவிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். பதிவு நடக்கும்போதே மின்கலம் தீர்ந்துவிட்டால் கேமரா கோப்பை 'ஃபைனலைஸ்' செய்யாமலே அணைந்துவிடுகிறது, பிறகு அது எதிலும் திறப்பதில்லை. இந்த ஃபைனலைஸ் என்பதற்கும், அது நடக்காத கோப்புக்கும் சொல் வேண்டும். 'இறுதி செய்யப்படாத கோப்பு' என்று எழுதிப் பார்த்தேன், மேலதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் கோப்பு போல ஒலிக்கிறது. 'மீட்பு' என்ற சொல்லை அழிந்த கோப்புகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நாச்சியப்பன்:

இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை, நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'வந்தான்' முற்று, 'வந்து' எச்சம். எச்சம் பிழையான சொல் அன்று. தன்னை முடித்துவைக்கும் சொல்லுக்காகக் காத்து நிற்பது, அவ்வளவே. ஆகவே ஃபைனலைஸ் 'முற்றுவித்தல்', முற்றாதது 'எச்சக் கோப்பு'. வள்ளுவர் 'எச்சத்தாற் காணப்படும்' என்றபோது எஞ்சி நிற்பதைத்தான் சொன்னார் என்பதால், கேமரா போன பின் எஞ்சியதற்கும் இச்சொல் பொருந்துகிறது.

சுந்தர்:

ஐயா, எங்கள் வீட்டு மாடியில் எச்சம் என்றால் புறா இட்டதுதான். சொல் ஒருபுறம் இருக்கட்டும், இதற்கு இவ்வளவு பெரிய கையேடு எதற்கு? கீழ்க்கண்ட ஒற்றை வரியில் கோப்பு புதிதாக எழுதப்பட்டுவிடும். கோப்பின் தலைப்பு வாலில் இருப்பதுதான் சிக்கல், அதை முன்னே கொண்டுவந்தால் போதும்.

```
ffmpeg -i vizha.mp4 -c copy -movflags +faststart puthu.mp4
```

தேவகி:

சுந்தர் சொல்வதில் பாதி சரி. அந்தத் தலைப்பு வாலில் எழுதப்படுவது உண்மை, ஆனால் நம் கோப்பில் அது எழுதப்படவே இல்லை. இல்லாததை முன்னே நகர்த்த முடியாது, அந்தக் கட்டளையும் `moov atom not found` என்று சொல்லி நின்றுவிடும்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளி ஆண்டுவிழாவை நான் பதிவு செய்தபோது, பதினெட்டாவது நிமிடத்தில் மின்கலத்தின் மூடி திறந்து கேமரா அணைந்தது. அட்டையில் 3.4 ஜிபி அளவில் ஒரு கோப்பு இருந்தது, ஆனால் திறக்கவில்லை. என் கேமரா வினாடிக்கு 25 மெகாபிட் எழுதுவது. 1080 வினாடிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய அதே 3.4 ஜிபிதான் வருகிறது. ஆகவே படம் ஏறக்குறைய முழுவதும் உள்ளே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. முதலில் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, கோப்பின் படியில்தான் வேலை செய்தேன்.

எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் `mdat` என்ற பெட்டியில் வரிசையாகக் குவிந்துகொண்டே போகின்றன. எந்தச் சட்டகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நொடிக்கு உரியது, எந்த அமைப்பில் சுருக்கப்பட்டது என்ற கணக்கெல்லாம் `moov` என்ற வேறொரு பெட்டிக்கு உரியது, சுந்தர் தலைப்பு என்றது இதைத்தான். நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகுதான் கேமரா அதை எழுதும். அதற்குள் மின்சாரம் போனால், இருக்கும் சரக்குக்குக் கணக்கேடு இல்லாமல் போகிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் நல்ல முறையில் நிறுத்திய வேறொரு பதிவை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் அதைப் பார்த்து விடுபட்ட கணக்கை எழுதிவிடுகிறது.

```
untrunc nalla.mp4 vizha.mp4
```

நான் முதலில் விநாடிக்கு 50 சட்டகம் வைத்து எடுத்த பழைய பதிவு ஒன்றை மாதிரியாகக் கொடுத்துவிட்டேன். விழாவோ 25 சட்டகத்தில் எடுத்தது. உருப்படியாக எதுவும் வரவில்லை. மறுநாள் அதே அமைப்பில் சுவரைப் பார்த்து ஒரு நிமிடம் எடுத்துக் கொடுத்த பிறகே படம் வந்தது. ஆனால் ஒலி போகப் போக உதட்டசைவை விட்டு விலகியது. படத்துண்டு ஒவ்வொன்றின் முன்னும் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும், ஒலித்துண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லையை ஊகிக்கத்தான் வேண்டும். அணைந்த நொடியில் கேமராவின் நினைவகத்திலேயே இருந்த கடைசிச் சில நொடிகள் அட்டைக்கு வரவே இல்லை, அவற்றை எந்த மென்பொருளாலும் தர முடியாது.

பாத்திமா:

தேவகி அக்கா, என் தங்கையின் நிச்சயதார்த்தப் பதிவும் இப்படித்தான் திறக்கவில்லை. ஆனால் அதன் அளவு 0 பைட் என்று காட்டுகிறது. இதே கட்டளை போதுமா?

தேவகி:

போதாது, பாத்திமா. அந்தக் கோப்பின் பெயர் மட்டுமே அட்டையின் பட்டியலில் ஏறியிருக்கிறது. உள்ளடக்கம் அட்டையில் வேறெங்காவது கிடக்கலாம், அதைத் தேடி எடுக்க PhotoRec போன்றவற்றை நாட வேண்டும். அதுவரை அந்த அட்டையில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மலர்விழி கேட்ட வேறுபாடும் இதுதான்: உங்களுடையது மீட்பு, என்னுடையது சீரமைப்பு. தேடி எடுத்த பிறகு உங்களுக்குச் சீரமைப்பும் தேவைப்படலாம்.

கண்ணன்:

தேவகி சொன்னதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். நிலம் அங்கேயே இருக்கிறது, பயிரும் நிற்கிறது, அடங்கல்தான் எழுதவில்லை. ஆகவே `moov` 'அடங்கல்', இது 'அடங்கலிலிக் கோப்பு'. வேண்டுமானால் 'கடைக்குறைக் கோப்பு' என்றும் சொல்லலாம்; நீலம் 'நீல்' ஆவது போல இதுவும் கடையில் குறைந்தது.

நாச்சியப்பன்:

கடைக்குறை பொருந்தாது. 'நீல்' என்றாலும் நீலம் என்ற பொருள் கெடாமல் நிற்கிறது, அதனால்தான் செய்யுளில் அதற்கு இடமுண்டு. தேவகியின் கோப்போ கடை குறைந்ததும் பொருளே தராமல் போயிற்று. முதற்குறையாகிய 'மரை'யைப் பார்த்துத் தாமரை என்று உணர்கிறோம், இடைக்குறையாகிய 'ஓதி'யைப் பார்த்து ஓந்தி என்று உணர்கிறோம். இவை மூன்றுமே சிதைவின் பெயர்கள் அல்ல...

மலர்விழி:

ஐயா, மன்னிக்க வேண்டும், எனக்குத் திங்கட்கிழமை நெருங்குகிறது. அடங்கல் அழகாக இருக்கிறது, ஆனால் நகரத்துப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு 'அடக்கம்' என்றுதான் எண்ணுவார்கள்.

ஜெயந்தன்:

இலங்கையில் எங்களுக்கும் அடங்கல் பழக்கமில்லாத சொல்.

தேவகி:

அதைவிட எனக்கு வேறொரு தடை இருக்கிறது. எம்கேவி கோப்பிலும் பதிவு பாதியில் அறுபடலாம், அப்போது அதுவும் முடிக்கப்படாத கோப்புதான். ஆனால் அதில் படமும் நேரக்குறிப்பும் சிறு சிறு தொகுதிகளாகச் சேர்ந்தே எழுதப்படுவதால், வேண்டிய இடத்துக்குத் தாவ உதவும் அட்டவணை இல்லாவிட்டாலும் அது ஓடிவிடுகிறது. திரைப்பதிவு செய்பவர்கள் எம்கேவியில் எடுத்துவிட்டுப் பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுவே. ஆகவே 'முடிக்கப்படாதது' வேறு, 'திறக்காதது' வேறு. நாம் தேர்ந்தெடுக்கும் சொல் முதலாவதை மட்டும் சொன்னால் போதும்.

மலர்விழி:

அப்படியானால் ஃபைனலைஸ் 'நிறைவுசெய்தல்', அது நடக்காதது 'நிறைவுறாக் கோப்பு', வேலை 'சீரமைப்பு', மாதிரிக்குக் கொடுப்பது 'மாதிரிக் கோப்பு' என்று ஒப்படைக்கிறேன். ஐவர் தனி மடலில் ஒப்புதல் தந்துவிட்டார்கள். எச்சத்துக்கு யாரும் வரவில்லை.

கண்ணன்:

'நிறைவுறா' என்றால் மனநிறைவு இல்லாத கோப்பு என்று படிப்பார்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் என் வகுப்பில் அடங்கல் என்றே சொல்லித் தருவேன்.

பாத்திமா:

PhotoRec ஓடிக்கொண்டிருக்கிறது, 64 ஜிபி அட்டை. கோப்புகளுக்குப் பெயரெல்லாம் `f` என்று தொடங்கி வெறும் எண்களாக வருகின்றன. இவற்றில் நிச்சயதார்த்தம் எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, அக்கா?