வாஸிஉஸ் ஸத்ரி: முளாஃபில் ‘அல்’ வரலாமா?

நஹ்வு மாணவி: அஸ்ஸலாமு அலைக்கும். பாடநூலில் “ஜாஅர் ரஜுலுல் வாஸிஉஸ் ஸத்ரி” என்று இருக்கிறது. விசால நெஞ்சுள்ள அந்த மனிதர் வந்தார் என்று பொருள். வாஸிஉ முளாஃப், ஸத்ரி முளாஃப் இலைஹி. முளாஃபில் அல் வராது என்றுதானே முதலில் படித்தோம்? அச்சுப் பிழையா?

துபாய் வாசகர்: பிழைதான். கிதாபுல் வலதி என்போம், அல்கிதாபுல் வலதி என்போமா? அந்த அல்லை எடுத்துவிடுங்கள்.

உஸ்தாத்: எடுக்காதீர்கள். கிதாபுக்குச் சொன்னது சரி, ஆனால் இது வேறு வகை, இளாஃபத் லஃப்ளிய்யா. புத்தகம் பையனுடையது என்றதும் அது எந்தப் புத்தகம் என்று தெரிந்து மஃரிஃபா ஆகிவிடும். இங்கே விசாலம் நெஞ்சின் உடைமை இல்லை. ‘வாஸிஉன் ஸத்ருஹு’, அதாவது அவருடைய நெஞ்சு விசாலமானது என்பதுதான் அடியில் இருக்கிறது. அதில் தன்வீன் போய், ஸத்ர் ஜர்ரு ஏற்றது. சொல் இலகுவானதே தவிர வாஸிஉ மஃரிஃபா ஆகவில்லை. எனவே ‘ரஜுலுன்’ என்றால் ‘வாஸிஉஸ் ஸத்ரி’, ‘அர்ரஜுலு’ என்றால் ‘அல்வாஸிஉஸ் ஸத்ரி’. அல்லை எடுத்து ‘அர்ரஜுலு வாஸிஉஸ் ஸத்ரி’ என்றால் ‘அந்த மனிதர் விசால நெஞ்சுடையவர்’ என்று வாக்கியமே முடிந்துவிடும்.

மாயிதா 5:95-ஐப் பாருங்கள்: ‘ஹத்யன் பாலிஃகல் கஃபதி’. ஹத்யன் தன்வீனோடு நகிராவாக நிற்கிறது. கஃபாவில் அல் இருந்தும் பாலிஃக அதற்கு ஸிஃபத்தாக வந்திருக்கிறது.

காயல்பட்டினத்துக்காரர்: எனக்கும் இதே குழப்பம். ‘கிதாபுல் வலதில் ஜதீது’ என்பதில் அல்ஜதீது புத்தகத்துக்கா பையனுக்கா?

உஸ்தாத்: அது வேறு விஷயம், பாய். அங்கே ஸிஃபத் இளாஃபத்துக்கு வெளியே நிற்கிறது. ஜதீது என்று உகரம் வந்தால் புத்தகம், ஜதீதி என்று இகரம் வந்தால் பையன்.

நஹ்வு மாணவி: சரி, பெண்ணைச் சொன்னால்? ஸத்ர் ஆண்பால் ஆயிற்றே.

உஸ்தாத்: ‘இம்ரஅதுன் வாஸிஅதுஸ் ஸத்ரி’. இளாஃபத்தில் ஸிஃபத் பெண்ணைத்தான் பார்க்கும். விரித்து ‘இம்ரஅதுன் வாஸிஉன் ஸத்ருஹா’ என்றால் மட்டும் ஸத்ரைப் பார்த்து ஆண்பால் ஆகும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், வித்தியாசம் கையில் பிடிபடும்.

துபாய் வாசகர்: அப்படியானால் ஃபாத்திஹாவில் ‘மாலிகி யவ்மித் தீன்’ அல்லாஹ்வுக்கு ஸிஃபத்தாக இருந்தும் மாலிகியில் அல் இல்லையே?

உஸ்தாத்: நல்ல கேள்வி. நிகழ்காலத்தையோ எதிர்காலத்தையோ மட்டும் குறிக்காமல் நிலையான தன்மையைச் சொல்லும்போது இஸ்மு ஃபாயிலின் இளாஃபத் உண்மையானதாகும், அதனால் மாலிகி மஃரிஃபா என்று முஃபஸ்ஸிர்கள் பலர் சொல்வார்கள். ஆனால் ஃகாஃபிர் 40:3-இல் வரும் ‘ஷதீதில் இகாப்’ அப்படி எளிதில் அடங்காது. ஷதீத் உங்கள் வாஸிஉ மாதிரிதான், ஸிஃபத் முஷப்பஹா. அதைச் சிலர் பதல் என்கிறார்கள், சிலர் ஸிஃபத் என்றே வைக்கிறார்கள். எனக்குப் பதல் பக்கம்தான் சாய்வு.

நஹ்வு மாணவி: பதல் என்றால் நகிராவாக இருந்தாலும் பரவாயில்லையா, உஸ்தாத்?

உஸ்தாத்: மஃரிஃபாவுக்கு நகிரா பதலாக வரலாம். ஆனால் அதே ஆயத்தில் முன்னால் உள்ள ‘ஃகாஃபிரித் தன்பி’யை ஸிஃபத்தாக வைத்துவிட்டு இதை மட்டும் பதல் என்றால் வரிசை உடைகிறது என்று மறுப்பவர்களும் உண்டு.