"கை எரிகிறது சிஸ்டர்" என்றார், நான் போய்ப் பார்க்கவில்லை

இரவுப்பணி:
அறுவைச் சிகிச்சை வார்டு. 28 நோயாளிகள், நான் ஒருத்தி. ஒரு பெரியவருக்குப் புறங்கை நரம்பில் குத்திய வென்ஃப்லான் ஊசி வழியாகப் பொட்டாசியம் கலந்த ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. இரவு 11 மணிக்குக் கை எரிகிறது என்றார். பொட்டாசியம் நரம்பில் ஒழுங்காக ஏறினாலும் எரியும்தானே? "அப்படித்தான் இருக்கும் ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். 12 மணிக்கும் 1 மணிக்கும் சார்ட்டில் 'ஊசி போட்ட இடம் நன்று' என்று டிக் போட்டேன். 2 மணிக்குப் போர்வையை விலக்கினால் கை பன் போல வீங்கிச் சில்லென்று இருந்தது. பிறகு தோல் கருத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இது என் கவனக்குறைவா, மருந்தின் குணமா?

மலர்க்கொடி (ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்):
மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்ததற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் பார்த்த நோயாளிகளுக்கும் கசிந்திருக்கிறது. மாலை ஷிப்டிடமிருந்து அவரைப் பொறுப்பேற்றபோதே அவரைக் கவனிக்கும் கடமை உங்களுடையதாகிவிட்டது. 11 மணிக்கு அதை மீறினீர்கள். அந்த இடத்தில் சராசரி செவிலியர் ஒருவர் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். எரிச்சல் மட்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லி வேகத்தைக் குறைக்கலாம். வீக்கமும் குளிர்ச்சியும் இருந்தால் உடனே நிறுத்தி, ஊசியைக் கழற்றும் முன் அதன் வழியாக உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சி, கையை உயர்த்தி வைத்து, மருத்துவரை அழைக்க வேண்டும். பார்க்காமல் போட்ட டிக் இன்னும் மோசம்.

குமார்:
மருந்து எழுதியவர் மருத்துவர், நஷ்டஈடு கொடுப்பது மருத்துவமனை. நர்ஸுக்கு என்ன வந்தது?

மலர்க்கொடி:
பாதி சரி. ஒரு குழந்தைக்கு நர்ஸ் நரம்பில் ஏற்றிய ஊசி குறித்த வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையைத்தான் பொறுப்பாக்கியது. அதற்காக நர்ஸின் சொந்தப் பொறுப்பு கரைந்துவிடாது. நர்ஸிங் கவுன்சில் அவரது பதிவைக் கேள்வி கேட்கலாம்.

தென்காசி மகன்:
என் அம்மா இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. கட்டில் தடுப்பு ஏற்றியிருந்ததாம். கவனக்குறைவுதானே?

மலர்க்கொடி:
விழுந்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி. தூக்க மாத்திரை கொடுத்திருந்தார்களா, அழைப்பு மணி கைக்கு எட்டியதா என்று பாருங்கள். தடுப்பைத் தாண்டி ஏறியும் விழுவார்கள். கேஸ் ஷீட் நகல் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

நர்ஸிங் மாணவி:
அந்த ஐயாவின் கை வீங்காமலே இருந்திருந்தால், அக்கா?

மலர்க்கொடி:
நஷ்டஈட்டு வழக்கு நிற்காது. பார்க்காதது பார்க்காததுதான்.

குமார்:
28 பேருக்கு ஒருவரைப் போட்ட நிர்வாகத்தை யாரும் கேட்க மாட்டீர்களா? அங்கே எந்தச் சராசரி செவிலியர் மணிக்கு ஒருமுறை பார்ப்பார்?

மலர்க்கொடி:
கேட்க வேண்டும். ஆனால் ஒரு கையைப் பார்க்க அரை நிமிடம்.

இரவுப்பணி:
11 மணிக்கே வீக்கம் தொடங்கியிருந்ததா என்று விசாரணையில் கேட்டார்கள். நான் பார்க்காததால் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு டிக்குகளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.