கோத்தகிரிக்கு ஒரு இன்ஸ்டாலர் ஃபைல் போய்ச் சேரணும், உதவி வேண்டும்

நண்பர்களே, குன்னூரிலிருந்து கோத்தகிரியில் உள்ள இலைக் கொள்முதல் நிலையத்துக்கு எடை மெஷின் மென்பொருளின் setup.exe-ஐ அனுப்ப வேண்டும். அளவு 18 எம்பி. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி, ஆனாலும் ஏற்கவில்லை. சிக்கல் அளவில் இல்லை, .exe என்ற வகையில்தான். ஜிப் செய்தாலும் உள்ளே பார்த்துத் தடுத்துவிடும். பெயரை மாற்றியோ பாஸ்வேர்டு போட்டோ ஏமாற்றும் வழியைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். பூட்டிய ஜிப்பை வைரஸ் ஸ்கேன் திறந்து பார்க்க முடியாது, வாங்குபவருக்குத்தான் ஆபத்து.

அதனால் கூகுள் டிரைவில் ஏற்றி, நிலையத்தில் இருப்பவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து லிங்க் அனுப்பியாயிற்று. ஃபைல் மாறாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க இரண்டு பக்கமும் ஓட்டிய கட்டளை:

```
certutil -hashfile setup.exe SHA256
```

வரும் 64 எழுத்துகளைப் போனில் படித்து ஒப்பிட்டோம், பொருந்தவில்லை. அங்கே ஃபைல் 11 எம்பிதான் இருக்கிறது. மழையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபைபர் லைன் உள்ளவர் யாராவது இறக்கி, பென்டிரைவில் தர முடியுமா? உங்கள் மின்னஞ்சலைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், அனுமதி தருகிறோம். பென்டிரைவில் ஏற்றிய பிறகும் அதே கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.