எட்டு மரக்கால் நெல்லுக்கு எவ்வளவு போடுவது?

அணைக்கட்டு மகள்:
2025 ஜனவரியில் நடந்தது. மகளிர் குழுக் கடனுக்கு அம்மாவின் வார வருமானம் எழுதித் தரச் சொன்னார்கள். எவ்வளவு எழுதுவது என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த வாரம் அம்மா ஆறு நாள் வேலைக்குப் போனார். இரண்டு நாள் களையெடுப்பு, நாளுக்கு 300 ரூபாய். மற்ற நான்கு நாள் சம்பா அறுப்பு. மழையில் பயிர் சாய்ந்து சேறாகிவிட்டதால் மிஷின் இறங்கவில்லை, ஆள் வைத்து அறுத்தார்கள். அதற்கு நாளுக்கு 150 ரூபாய், கூடவே இரண்டு மரக்கால் நெல். ஆக ரொக்கம் 1,200, நெல் 8 மரக்கால்.

நிலத்துக்காரர் மரக்காலுக்கு 100 ரூபாய் கணக்கு வைத்து, "உங்கம்மாவுக்கு அறுப்புக்கு நாளுக்கு 350 கொடுக்கறேன், வாரம் 2,000 ஆச்சு" என்றார். நெல்லைத் தராசில் வைத்தேன். மரக்காலுக்கு 4 கிலோ, மொத்தம் 32. அளந்ததில் குறையில்லை. "லாபம்" என்று முதல் மரக்காலைப் போட்டு, தலை தட்டாமல் குவித்துத்தான் அளந்தார்.

ஆனால் நெல் ஈரம். கையில் அள்ளினால் சில்லென்று ஒட்டியது. இரண்டு நாள் காயவைத்து, முறத்தில் புடைத்துக் கருக்காயை நீக்கினால் 28 கிலோதான் நின்றது. கடைக்காரர் கிலோ 18 ரூபாய்க்குக் கேட்டார். 504 ரூபாய். அப்படிப் பார்த்தால் வாரக் கூலி 1,704. எதை எழுதுவது?

குடியாத்தம் விவசாயி:
இதில் குழப்பம் எதற்கு? அரசு விலை இருக்கிறதே. 2024-25 பருவத்தில் சாதா ரகம் குவிண்டால் 2,405. நாலு கிலோவுக்கு 96 ரூபாய். அவர் சொன்ன நூறு சரிதான்.

காட்பாடி, ஓய்வுபெற்ற கணக்கெடுப்புப் பணியாளர்:
விலை சரி தம்பி, ஆனால் அது கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கும் நெல்லுக்கு. சிட்டா அடங்கல் காட்டித்தான் அங்கே போடவும் முடியும். நிலமே இல்லாத அந்த அம்மா 28 கிலோவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

நாங்கள் வீடு வீடாகப் போனபோது பின்பற்றிய முறை இது: அந்த வாரம் வந்த பொருளுக்கு அந்த வாரத்து உள்ளூர்ச் சில்லறை விலை. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் கூலி ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்று இருந்தது. தானியம் தருவது வழக்கமாக உள்ள இடங்களில் மட்டும் அரசு அறிவிப்பு போட்டு அனுமதிக்கலாம் என்றும் இருந்தது. வாங்கும் கடைக்காரர் கேட்ட விலை சில்லறை விலை ஆகாது. அதே நெல்லை அம்மா காசு கொடுத்து வாங்கப் போனால் என்ன விலை சொல்வார்கள் என்று கேளுங்கள். கருக்காயையும் ஈரத்தையும் கழித்த எடைக்குப் போடுங்கள். அப்புறம், களத்தில் "மீதி பொங்கலுக்கு அப்புறம் தர்றேன்" என்று சொன்ன நெல் இருந்தால், உழைத்த வாரத்தோடுதான் சேர்க்க வேண்டும், கைக்கு வந்த வாரத்தோடு அல்ல.

போளூர் அக்கா:
எங்களுக்கு மல்லாட்டை பறிப்பு. பறித்ததில் பங்காகத்தான் கூலி. பச்சைக் காயாக வாங்கி வந்தால் வெயிலில் சுருங்கி, பாதி கூட இருப்பதில்லை. எங்க வீட்டுக்காரர் பச்சை எடைக்கே கணக்குப் போட்டு, "இன்னிக்கு 500 சம்பாதிச்சே" என்பார். சந்தையில் விற்றுவிட்டு வந்து பேசச் சொல்வேன்.

ஆரணி இளைஞர்:
நூறு நாள் வேலைக்கும் நெல் தருகிறார்களா? எங்க ஊரில் வங்கிக் கணக்கில் பணம் மட்டும்தான்.

அணைக்கட்டு மகள்:
இல்லை தம்பி, இது தனியார் நிலத்து வேலை.

ஐயா சொன்னபடி விசாரித்தேன். எங்க ஊர்க் கடையில் நெல் சில்லறையாக விற்பதில்லை. அரிசி வழியாகக் கணக்குப் பார்த்தேன். 28 கிலோ நெல்லை மில்லில் கொடுத்தால் 17 கிலோ அரிசி. அதே குண்டரிசி கடையில் கிலோ 40, ஆக 680. மில்லுக்கு 60 போனால் 620. வாரம் 1,820. அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். நிலத்துக்காரர் சொன்னதற்கு 180 குறைவு, விற்றால் கிடைத்திருப்பதற்கு 116 அதிகம். காயவைத்துப் புடைத்த அம்மாவின் இரண்டு சாயங்காலத்துக்கு எதுவும் போடவில்லை.

குடியாத்தம் விவசாயி:
ஈரத்தைக் கழிப்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதியம் சோறும் இரண்டு வேளை டீயும் நாங்கள் தருகிறோமே, அதை ஏன் விட்டீர்கள்? நாளுக்கு 50 ரூபாயாவது ஆகிறது.

அணைக்கட்டு மகள்:
அம்மாவிடம் கேட்டேன் அண்ணே. "வயல்ல நிக்கறவளுக்குச் சோறு போடறது கூலியா?" என்றார். ஐயா, நீங்கள் அதை எழுதினீர்களா?

காட்பாடி, ஓய்வுபெற்ற கணக்கெடுப்புப் பணியாளர்:
கூலி பேசும்போதே சோறும் சேர்த்துப் பேசியிருந்தால் எழுதினேன். பேசாமல் போட்டிருந்தால் விட்டுவிட்டேன். கூட வேலை பார்த்தவர் இரண்டையும் எழுதினார். எங்களுக்குள் கடைசிவரை அதில் ஒத்துப்போகவில்லை அம்மா.